விசாரணை முடியும்வரை...
சஸ்பெண்ட் ஆனவர்களின் நீண்ட மாதங்கள்

ஆலங்காயம் பேருந்து நிலையத்தில் காலை ஏழரைக்கு மேல் ஒரு தனிப் பரபரப்பு உண்டு. ஜமுனாமரத்தூர் பக்கம் மலையேறும் பேருந்துக்கு ஆசிரியர்களும் செவிலியர்களும் அலுவலகக்காரர்களும் கையில் சாப்பாட்டுப் பையோடு நிற்பார்கள். காவலூர் வானாய்வு மையத்துக்குப் போகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். யார் எந்த இருக்கையில் உட்காருவார் என்பதுகூட நடத்துநருக்குத் தெரியும். சிறிய ஊர்.

அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் ஒரு திங்கட்கிழமை அந்தப் பேருந்தில் ஏறவில்லை என்றால், செவ்வாய்க்கிழமை ஊருக்கே தெரிந்துவிடும். புதன்கிழமை டீக்கடையில் கேட்பார்கள்: “இன்னா சார், லீவா?” ஒரு மாதம் கழித்துக் கேள்வி மாறும்: “இன்னா சார், முடிஞ்சுதா?” அடுத்த எட்டு மாதமும் அந்தக் கேள்வி மாறவே மாறாது.

இந்தக் கட்டுரையில் வரும் தலைமை ஆசிரியர் ஒரே ஒரு மனிதர் அல்ல. துறை விசாரணையைக் கடந்து வந்த பலரின் அனுபவங்களைச் சேர்த்து உருவான ஒருவர். பணி ஓய்வுக்கு நான்கு வருடம் பாக்கி. பதிவேட்டில் இருந்த கணக்குக்கும் இருப்புக்கும் வேறுபாடு இருக்கிறது என்று ஒரு புகார். மறுவாரம் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. புகார் சரியா தவறா என்பது நம் விஷயம் அல்ல. அதைச் சொல்லத்தான் விசாரணை இருக்கிறது. அந்த விசாரணை முடியும்வரை ஒரு மனிதர் எப்படி எழுந்திருக்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார், வீட்டாரோடு பேசுகிறார் என்பதுதான் நம் விஷயம்.

ஒரு காத்திருப்பு அல்ல, ஐந்து

சஸ்பெண்ட் ஆன அன்று எல்லோரும் செய்யும் முதல் தவறு, ‘இது எப்போது முடியும்?’ என்று கேட்பது. அதற்கு யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வியை ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்டால் மனம் தேய்ந்துதான் போகும்.

விவரம் தெரிந்த பழைய சங்கக்காரர்கள் கேள்வியை வேறு விதமாகக் கேட்கச் சொல்வார்கள்: ‘அடுத்து வரவேண்டிய காகிதம் எது?’ இதற்குப் பதில் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் பெரிய தண்டனைக்கு இட்டுச் செல்லக்கூடிய நடவடிக்கை 17(ஆ). பேச்சில் ‘17 பி’. அதில் படிகள் வரிசையாக இருக்கின்றன. முதலில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வர வேண்டும். அதற்கு எழுத்துமூலமாக விளக்கம் கொடுக்க வேண்டும். பிறகு விசாரணை அலுவலர் நியமிக்கப்படுவார். அவர் முன்னிலையில் சாட்சிகளும் ஆவணங்களும் வரும். அவர் அறிக்கை கொடுப்பார். அந்த அறிக்கையின் நகல் குற்றம் சாட்டப்பட்டவர் கைக்கு வந்து, அதன் மேல் அவர் தன் தரப்பைச் சொன்ன பிறகுதான் இறுதி உத்தரவு.

ஆக, இது ஒரு நீண்ட காத்திருப்பு அல்ல. குறிப்பாணைக்கு, அலுவலர் நியமனத்துக்கு, சாட்சி விசாரணைக்கு, அறிக்கைக்கு, உத்தரவுக்கு என்று ஐந்து சிறிய காத்திருப்புகள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு காகிதமும் ஒரு தேதியும் உண்டு. நம் தலைமை ஆசிரியர் ஒரு நாட்காட்டியின் பின்பக்கத்தில் இந்த ஐந்தையும் எழுதிச் சுவரில் ஒட்டினார். குறிப்பாணை வந்த அன்று முதல் வரியை அடித்தார். கெட்ட செய்திதான். ஆனால் அன்றிரவு, ஆறு வாரத்தில் முதல் தடவையாக, நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார். என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாமல் இருந்ததைவிட, எட்டு வரிக் குற்றச்சாட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூங்குவது சுலபமாக இருந்தது.

இது அவருடைய விசித்திரம் அல்ல. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. கற்களைத் திருப்பினால் அடியில் பாம்பு இருக்குமா என்று ஊகிக்கும் கணினி விளையாட்டு. பாம்பு இருந்தால் கையில் வலிக்கும் அளவுக்கு மின் அதிர்ச்சி. நிச்சயம் அதிர்ச்சி வரும் என்று தெரிந்தபோதைவிட, வருமா வராதா என்பது சரிபாதியாக இருந்தபோதுதான் வியர்வையும் பதற்றமும் அதிகம். தண்டனையைவிட, தண்டனை உண்டா இல்லையா என்பதுதான் உடம்பை அதிகம் வாட்டுகிறது.

காத்திருப்பவர்களைப் பின்தொடர்ந்த ஆராய்ச்சி

கேட் ஸ்வீனி என்ற அமெரிக்க உளவியலாளர் காத்திருப்பதையே தன் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர். கலிஃபோர்னியாவில் வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதியவர்கள் முடிவுக்காக நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். தேர்வு முடிந்துவிட்டது, இனி அவர்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அப்படிப்பட்ட 230 பேரை அவருடைய குழு அந்த நான்கு மாதமும் விடாமல் கேள்வி கேட்டுப் பின்தொடர்ந்தது.

கண்டது இரண்டு. முதலாவது, பதற்றம் ஒரே சீராக இருப்பதில்லை. ஆரம்பத்தில் உச்சத்தில் இருந்து, நடுவில் தணிந்து, முடிவு நெருங்கும்போது மறுபடி ஏறுகிறது. இரண்டாவதுதான் பலருக்கு அதிர்ச்சி தரும். ‘கவலையே படக் கூடாது’ என்று மனதை அடக்குவது, ‘எல்லாம் நன்மைக்கே’ என்று ஆறுதல் தேடுவது, ‘எப்படியும் மோசமாகத்தான் முடியும்’ என்று முன்கூட்டியே தயாராவது ஆகிய மூன்று உத்திகளில் எதுவும் அந்தக் காலத்தின் வேதனையைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. சிலருக்கு அதிகமாக்கியது. அதே சமயம், கவலைப்பட்டுக் காத்திருந்தவர்கள் தோல்விச் செய்தி வந்தபோது இடிந்துபோகாமல் அடுத்ததைச் செய்யத் தொடங்கினார்கள். வெற்றிச் செய்தி வந்தபோது அதிகம் மகிழ்ந்தார்கள். கவலையே இல்லாமல் இருந்தவர்களைத்தான் கெட்ட செய்தி நிலைகுலைய வைத்தது.

தேர்வு எழுதியவருக்கும் விசாரணைக்கு உட்பட்டவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தேர்வு எழுதியவருக்கு முடிவு வரும் தேதி தெரியும். நம்மவருக்குத் தெரியாது. தேர்வு எழுதியவரை ஊர் சந்தேகமாகப் பார்க்காது. ஆனாலும் ஒரு பாடம் இங்கேயும் பொருந்தும். ‘தைரியமா இரு, நெனைக்காத’ என்று சொல்லும் உறவினருக்கும், அப்படி இருக்க முடியவில்லையே என்று தன்னையே திட்டிக்கொள்பவருக்கும் அது ஒன்றைச் சொல்கிறது: கவலைப்படுவது கோழைத்தனமும் அல்ல, நோயும் அல்ல. அதை ஒழிக்க முயல்வதில்தான் சக்தி வீணாகிறது. ஒழிக்க வேண்டாம், அதற்கு ஓர் இடம் ஒதுக்கினால் போதும்.

தங்கவயலில் பதினான்கு வருடம்

இடம் ஒதுக்குவதற்கு முன் வயிற்றுப்பாட்டைப் பார்க்க வேண்டும். மனநிலையைப் பற்றிப் பேசும் கட்டுரையில் பணத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் ஒரு வழக்கு. அது நடந்தது ஆலங்காயத்துக்கு வடமேற்கே, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், வட ஆற்காட்டுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் உழைத்த கோலார் தங்கவயலில்.

கேப்டன் எம். பால் ஆண்டனி, பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரி. 1985 ஜூன் 2ஆம் தேதி அவருடைய வீட்டில் போலீஸ் சோதனை. நாலரை கிராம் தங்க உருண்டை ஒன்றும், தங்கம் கலந்த மணல் 1,276 கிராமும் கிடைத்ததாக வழக்கு. மறுநாளே சஸ்பெண்ட். அதற்கு அடுத்த நாள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ஒரே சோதனையை வைத்து நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, நிறுவனத்தில் ஒரு விசாரணை. குற்ற வழக்கு முடியும்வரை துறை விசாரணையை நிறுத்திவையுங்கள் என்று அவர் கேட்டார். நிறுவனம் மறுத்தது.

அவர் சொந்த ஊரான கேரளத்துக்குப் போய்விட்டார். பிழைப்பூதியம் வரவில்லை. சஸ்பெண்ட் காலத்தில் முழுச் சம்பளம் கிடையாது, ஆனால் உயிர் வாழ ஒரு பகுதி கொடுத்தாக வேண்டும். அதற்குத்தான் பிழைப்பூதியம் என்று பெயர். அது வராததால் கோலாருக்கு வந்து விசாரணையில் நிற்கப் பணம் இல்லை. உடம்பும் சரியில்லை. தள்ளிவைக்கும்படி கேட்டார். அவர் இல்லாமலே விசாரணை நடந்து, 1986 ஜூன் 7இல் வேலை போனது. எட்டு மாதம் கழித்து, 1987 பிப்ரவரி 3இல், குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சோதனையே நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் வேலை திரும்பவில்லை. உயர் நீதிமன்றத்தில் ஒரு தடவை வென்று, ஒரு தடவை தோற்று, கடைசியில் 1999 மார்ச் 30இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கவும், சஸ்பெண்ட் ஆன நாளிலிருந்து முழுச் சம்பள பாக்கியைத் தரவும் உத்தரவிட்டது. பிழைப்பூதியம் தராமல் ஒருவரை விசாரணைக்கு வரச் சொல்வது, வாழும் உரிமையையே பறிப்பது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 2001இல் அந்தச் சுரங்கமே மூடப்பட்டது.

பதினான்கு வருடம். இதில் கவனிக்க வேண்டியது அவர் தோற்ற இடம். வாதத்தில் அவர் தோற்கவில்லை. பேருந்துச் செலவுக்குக் காசு இல்லாமல், விசாரணை நாளில் அங்கே இல்லாததால் தோற்றார்.

அதனால்தான் அனுபவசாலிகள் முதல் மாதமே பிழைப்பூதியத்துக்கு மனு எழுத வைக்கிறார்கள். வேறு எந்த வேலையிலும் வியாபாரத்திலும் ஈடுபடவில்லை என்ற சான்றை மாதா மாதம் எழுதிக் கொடுத்தால்தான் பில் போடுவார்கள். மனம் உடைந்து கிடப்பவர் மறந்துபோவது இந்த ஒரு பக்கக் காகிதத்தைத்தான். அடிப்படை ஊதியம் 60,000 ரூபாய் என்றால் தொடக்கத்தில் 30,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் கிடைக்கும். தாமதத்துக்கு ஊழியர் காரணமில்லை என்றால், குறிப்பிட்ட காலம் கடந்ததும் உயர்த்தித் தரும்படி கேட்கலாம். அவர்தான் தாமதத்துக்குக் காரணம் என்றால் குறைக்கவும் செய்யலாம். தனியார் நிறுவன ஊழியர்களுக்குத் தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது: முதல் 90 நாள் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுவதும்.

நம் தலைமை ஆசிரியர் வீட்டில் கணக்கைப் போட்டது அவருடைய மனைவி. சீட்டு ஒன்றை நிறுத்தினார். கூட்டுறவுச் சங்கக் கடனையும் மகனுடைய விடுதிக் கட்டணத்தையும் முதலில் எழுதினார். மீதியில் மளிகை. ‘இன்னும் பத்து மாதம் இப்படியே போனாலும் சமாளிக்கலாம்’ என்று ஒரு காகிதத்தில் தெரிந்த அன்று, வீட்டில் சண்டை பாதியாகக் குறைந்தது.

மாலை ஐந்து மணிப் பெட்டி

அவரிடம் ஒரு பழைய தகரப் பெட்டி இருந்தது. விசாரணை தொடர்பான எல்லாக் காகிதங்களும் அதில்தான். உத்தரவு, குறிப்பாணை, அனுப்பிய பதில்கள், பதிவுத் தபால் ரசீதுகள். கூடவே ஒரு நோட்டு. அதில் தேதி போட்டு, யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார், அடுத்து என்ன என்று மூன்று வரி.

முதல் இரண்டு மாதம் அந்தப் பெட்டி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரவு ஒரு மணிக்கு எழுந்து உத்தரவை எடுத்துப் படிப்பார். ஏற்கெனவே மனப்பாடம். ஆனாலும் படிப்பார். பிறகு விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பதில் எழுத உதவிய ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர்தான் வழி சொன்னார்: “பெட்டியைக் கொண்டுபோய் அலமாரி மேல வைங்க சார். சாயங்காலம் அஞ்சுலேருந்து அஞ்சரை வரைக்கும் எறக்குங்க. அப்புறம் ஏத்திடுங்க.”

அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உளவியலில் இதற்கு நாற்பது வருட வரலாறு உண்டு. தாமஸ் போர்கோவெக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1983இல் சோதித்துப் பார்த்தது இதுதான். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரைமணி கவலைப்படுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால், ‘அந்த நேரத்துக்கு வா’ என்று தள்ளிவையுங்கள். அப்படிச் செய்தவர்களின் கவலை நேரம் குறைந்தது. கவலையை விரட்டச் சொன்னால் மனம் முரண்டு பிடிக்கும். ஒத்திப்போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளும், ஏனென்றால் கவலைக்குரிய இடம் பறிபோகவில்லை.

நடைமுறையில் இதற்குச் சில நுணுக்கங்கள் உண்டு. அந்த அரைமணி படுக்கைக்கு முன் இருக்கக் கூடாது, மாலையே நல்லது. படுக்கையறையில் இருக்கக் கூடாது. வெறுமனே யோசிக்காமல் எழுத வேண்டும். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் ‘நான் செய்யக்கூடியது’, வலப்பக்கம் ‘என் கையில் இல்லாதது’. சாட்சி என்ன சொல்வார் என்பது வலப்பக்கம். ஆவண நகல் கேட்டு மனு எழுதுவது இடப்பக்கம். முதல் பத்து நாள் இது பலிக்காது. கவலை பதினோரு மணிக்கும் வரும், மூன்று மணிக்கும் வரும். ஒரு சீட்டில் நான்கு வார்த்தை எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஐந்து மணிக்கு எடுத்துப் பார்ப்பார். பாதிச் சீட்டுகள் ஐந்து மணிக்கு அர்த்தமற்றுத் தெரிந்தன. அதுதான் இது வேலை செய்யத் தொடங்கியதற்கு அடையாளம்.

இடப்பக்கத்தில் எழுத வேண்டிய முக்கியமான ஒன்று உண்டு. 2015 பிப்ரவரியில் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் சஸ்பென்ஷனை நீட்டக் கூடாது என்றது. கொடுத்திருந்தால், ஏன் நீட்டிக்கிறோம் என்று காரணம் எழுத வேண்டும். அதே வருடம் டிசம்பரில் பிரேம்நாத் பாலி வழக்கில், துறை விசாரணையை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும், தவிர்க்க முடியாவிட்டாலும் ஒரு வருடத்தைத் தாண்டக் கூடாது என்றது. அந்த வழக்கில் நீதிமன்ற ஊழியர் ஒருவரே ஒன்பது வருடம் 26 நாள் சஸ்பென்ஷனில் இருந்திருக்கிறார். தொண்ணூறாம் நாள் உத்தரவு தானாகக் காலாவதியாகிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. மறுபரிசீலனை கேட்டு மனு கொடுக்க வேண்டும். மனு எப்போதும் பலன் தராது. ஆனால் காத்திருப்பவருக்கு அது ஒரு வேலை, ஒரு தேதி, ஒரு ரசீது.

ஏழரை மணிக்கு எங்கே போவது?

வேலை என்பது சம்பளம் மட்டுமல்ல. எப்போது குளிப்பது, எப்போது சாப்பிடுவது, எந்தச் சட்டை போடுவது, யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதையெல்லாம் முப்பது வருடமாக வேலைதான் முடிவு செய்தது. அது ஒரே நாளில் நின்றால் கடிகாரத்தின் முள்ளே கழன்ற மாதிரி. முதல் சரிவு காலையில் தெரியும்: எழுவது ஆறிலிருந்து எட்டாகும், முகச்சவரம் தள்ளிப்போகும், மதியத் தூக்கம் வரும், அதனால் இரவுத் தூக்கம் போகும். சிலருக்கு அந்த இடத்தில் மது வந்து உட்காரும்.

நம்மவரைக் காப்பாற்றியது பழைய நேரப்பட்டியலேதான். ஆறு மணிக்கு எழுந்தார். ஏழரைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வீட்டை விட்டு இறங்கினார். பேருந்து நிலையப் பக்கம் போகாமல், எதிர்ப்பக்கம் மலையடிவாரச் சாலையில் ஒரு மணி நேரம் நடை. பிறகு நூலகத்தில் நாளிதழ். சஸ்பென்ஷன் காலத்தில் தலைமையிடத்தை அனுமதியில்லாமல் விட்டுப் போகக் கூடாது என்பதால் மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருக்கவும் வழியில்லை. சம்பளத்துக்கு வேறு வேலை பார்க்கவும் கூடாது. இந்த இரண்டு கட்டுப்பாடுகளும் பலரை வீட்டுக்குள் முடக்கிவிடுகின்றன. கட்டுப்பாடு வெளியூருக்கும் வருமானத்துக்கும்தான், வீதிக்கு அல்ல என்பதை யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பத்து மணிக்கு மேல் அவர் கையில் எடுத்தது பழைய ரேடியோக்கள். இளமையில் கற்றுப் பாதியில் விட்ட பழக்கம். உறவினர் வீட்டுப் பரணில் கிடந்த வால்வு ரேடியோ ஒன்றைத் திறந்து, எது எரிந்திருக்கிறது, எந்த ஒட்டு விட்டிருக்கிறது என்று தேடுவார். பற்றவைக்கும் கோல் கையில் இருக்கும்போது வேறு நினைப்பு வந்தால் விரல் சுடும். அது போதும். ஸ்வீனியின் குழுவினர் பிறகு செய்த ஆய்வுகளில் காத்திருப்பின் வேதனையைக் குறைத்த சிலவற்றுள் இதுவும் ஒன்று: நேரம் போவதே தெரியாமல் மூழ்கச் செய்யும் வேலை. தொலைக்காட்சி அப்படிப்பட்டதல்ல. கண் திரையில் இருக்கும், மனம் விசாரணையில் இருக்கும். கொஞ்சம் கடினமாகவும், கையால் செய்யக்கூடியதாகவும், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருக்க வேண்டும். தையல், சதுரங்கம், தோட்டம், புதிய மொழி, எதுவாகவும் இருக்கலாம். பதினோரு மாதத்தில் அவர் நான்கு ரேடியோக்களைப் பேச வைத்தார். ஐந்தாவது கடைசிவரை பேசவில்லை.

மூன்று பேர் போதும்

ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்ல முயன்றவர்கள் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். யாரிடமும் சொல்லாதவர்கள் உள்ளுக்குள் புழுங்குகிறார்கள். இரண்டுக்கும் நடுவே மூன்று ஆட்களும் ஒரு வாக்கியமும் இருந்தால் தாங்கலாம்.

முதல் ஆள், விதி தெரிந்தவர். சங்கத்துக்காரர், ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், அல்லது சேவை வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர். விசாரணை பற்றிய சந்தேகம் எல்லாம் அவரிடம் மட்டும். பத்துப் பேரிடம் கேட்டால் பத்துக் கதை வரும், ஒவ்வொரு கதைக்கும் ஒரு இரவுத் தூக்கம் போகும். இரண்டாவது ஆள், புலம்புவதற்கு. அவர் வீட்டுக்கு வெளியே இருப்பது நல்லது. மனைவியும் அதே விசாரணையில்தான் காத்திருக்கிறார், அவருக்குத் தாங்கும் எல்லை உண்டு. அவருக்கும் அழ ஓர் ஆள் வேண்டும் என்பதைப் பெரும்பாலான ஆண்கள் நினைத்தே பார்ப்பதில்லை. மூன்றாவது ஆள், விசாரணை பற்றிப் பேசவே பேசாதவர். கிரிக்கெட்டோ, மழையோ, சாமை விலையோ பேசுவார். அவரோடு இருக்கும்போது நீங்கள் சஸ்பெண்ட் ஆனவர் அல்ல, பழைய நண்பர்.

வாக்கியம் டீக்கடைக்கு. “விசாரணை நடக்குது, முடிஞ்சதும் சொல்றேன்.” அவ்வளவுதான். ஒரு சொல்கூடக் கூட்டக் கூடாது. முதல் வாரம் இதைச் சொல்ல நாக்கு வறளும். மூன்றாவது வாரம் ‘நல்லா இருக்கீங்களா’வுக்குப் பதில் சொல்வது போல் வந்துவிடும். பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளியில் அவர்களிடமும் கேட்பார்கள்: “அப்பா மேல ஒரு புகார் இருக்கு. அதை விசாரிக்கிறாங்க. நமக்குச் சாப்பாட்டுக்கும் உன் படிப்புக்கும் பணம் இருக்கு.” பிள்ளைகள் உண்மையில் கேட்க விரும்புவது அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

மேலே சொன்னதெல்லாம் வலியைத் தாங்கும் வழிகள். நோயாக மாறிவிட்ட வலிக்கு இவை போதாது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருப்பது, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுவது, சாப்பாடு இறங்காமல் எடை குறைவது, குடி தினசரி ஆவது, ‘நான் இல்லாவிட்டால் குடும்பத்துக்குக் குடும்ப ஓய்வூதியமாவது வரும்’ என்ற பேச்சு வருவது ஆகியவை மருத்துவரிடம் போக வேண்டிய அடையாளங்கள். கடைசியாகச் சொன்னதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றே அவரைத் தனியாக விடாமல், கூட்டிப்போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். எந்த நேரத்திலும் 14416 அல்லது 104 என்ற எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

குறிப்பாக இரண்டு காலங்களில் வீட்டார் விழித்திருக்க வேண்டும். ஒன்று, உத்தரவு வந்த முதல் சில வாரங்கள். மற்றொன்று, விசாரணை அறிக்கை போய்விட்டது, இறுதி உத்தரவு எந்த நாளும் வரலாம் என்கிற கடைசிக் கட்டம். நடுவில் தணிந்திருந்த பதற்றம் அங்கே மறுபடி ஏறும். ‘இத்தனை மாதம் நன்றாகத்தானே இருந்தார், இப்போது ஏன் இப்படி?’ என்று குழம்ப வேண்டாம். முடிவு நெருங்குகிறது, அவ்வளவுதான். அந்த வாரங்களில் நடையும் ரேடியோவும் ஐந்து மணிப் பெட்டியும் முன்னைவிடக் கறாராக நடக்க வேண்டும். மூன்று முடிவுகளுக்கும் — விடுவிப்பு, சிறு தண்டனை, பெரிய தண்டனை — மறுநாள் காலை என்ன செய்வது என்று ஒவ்வொரு வரி எழுதி வைத்துவிடலாம். மேல்முறையீட்டுக்குக் கால வரம்பு உண்டு என்பதால் மூன்றாவது வரி அவசியம். மோசமானதற்குத் தயாராவது மாதக்கணக்கில் செய்தால் வீண் வேதனை. கடைசி வாரத்தில் செய்தால் புத்திசாலித்தனம்.

நம் தலைமை ஆசிரியரின் விசாரணை பதினோராம் மாதம் முடிந்தது. பெரிய குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. பதிவேட்டைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்பதற்கு ஓர் ஊதிய உயர்வு ஓராண்டுக்கு நிறுத்தம். கொண்டாடவும் முடியாத, அழவும் முடியாத முடிவு. பல விசாரணைகள் இப்படித்தான் முடிகின்றன. வேறு பள்ளியில் பணியிடம். திங்கட்கிழமை ஏழரை மணிக்கு அவர் பேருந்து நிலையத்துக்குப் போனபோது உடம்புக்கு அது புது வழக்கமாகவே தெரியவில்லை. அந்த நேரத்தில் வெளியே இறங்குவதை அவர் ஒரு நாளும் நிறுத்தியிருக்கவில்லை.

கோப்பை வைத்திருக்கும் அலுவலர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. விசாரணையை விரைந்து முடிக்க முடியாவிட்டாலும், பிழைப்பூதிய பில்லை மாதா மாதம் தாமதமில்லாமல் போட முடியும். அடுத்த விசாரணைத் தேதியை எழுத்தில் தெரிவிக்க முடியும்.

வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் தெருவிலும் ஒருவர் ஏழரை மணிப் பேருந்தில் ஏறாமல் இருக்கலாம். அவரைப் பார்த்தால் ‘முடிஞ்சுதா’ என்று கேட்காதீர்கள். முடிந்தால் அவரே சொல்வார். டீ சாப்பிடலாமா என்று கேளுங்கள்.